கரைவலைப் பாட்டுக்கு ஸ்டீரியோ, பேட்டிக்கு மோனோ: மைக் எந்தப் பக்கம் கேட்கிறது?

பாம்பனிலோ மண்டபத்திலோ கடற்கரையில் ஒரு பெரியவரை உட்கார வைத்துப் பேட்டி எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டால் அடிக்கடி நடப்பது இது: பெரியவரின் குரல் வலது காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கேள்வி கேட்டவரின் குரல் இடது காதில். அவர் பேச்சுவாக்கில் கரைக்கு வந்த படகைத் திரும்பிப் பார்த்தால் குரலும் கூடவே நகர்ந்துவிடுகிறது. அலை இரைச்சலோ இரண்டு காதிலும் சரிசமமாக நிறைந்திருக்கிறது. "மைக் சரியில்லை, இன்னும் விலை கூடியது வாங்கணும்" என்று முடிவுக்கு வந்துவிடுவோம். பெரும்பாலும் மைக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். பேச்சுக்கு வேண்டாத ஸ்டீரியோவில் பதிந்ததும், மைக்கைத் தூரத்தில் வைத்ததும்தான் கோளாறு.

அதே ரெக்கார்டரை அதே கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் நடுவே வைத்து, அதே ஸ்டீரியோவில் பதிந்தால் அருமையாக இருக்கும். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால், எந்த இடத்துக்கு எதை எடுத்துப் போவது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

ஒரு தடம், இரண்டு தடம்

மோனோ என்றால் ஒலி ஒரே தடத்தில் பதிவாகிறது. எத்தனை ஸ்பீக்கரில் போட்டாலும் எல்லாவற்றிலும் ஒரே ஒலிதான் வரும். ஹெட்போனில் கேட்டால் குரல் இரண்டு காதுக்கும் நடுவில், தலைக்குள்ளிருந்து வருவது போலத் தோன்றும். ஸ்டீரியோவில் இடது, வலது என்று இரண்டு தடங்கள். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தால்தான் அது ஸ்டீரியோ. ஒரே ஒலியை இரண்டு தடத்திலும் போட்டு வைத்தால் கோப்பின் அளவு இரட்டிப்பாகுமே தவிர, காதுக்கு அது மோனோதான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மணி நேரம் ஸ்டீரியோவில் பதிந்தால் ஏறக்குறைய 1 ஜிபி ஆகும், மோனோவில் அதில் பாதி.

அந்த வேறுபாடு எதற்கு என்றால், நம் காது திசையைக் கண்டுபிடிப்பதே வேறுபாட்டை வைத்துத்தான். வலது பக்கம் ஒருவர் கூப்பிட்டால் அந்த ஒலி வலது காதை முதலில் தொடுகிறது. இடது காதுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் தாமதமாக வருகிறது. தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கியும் வருகிறது. இந்த நேர வித்தியாசம், அளவு வித்தியாசம் இரண்டையும் வைத்து மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. ஸ்டீரியோ பதிவு செய்வது இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ இரு தடங்களுக்கு இடையே உண்டாக்குவதுதான்.

இதை முறையாக யோசித்து வைத்தவர் ஆலன் ப்ளூம்லைன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர். 1931-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சினிமாத் திரையில் ஆள் ஒரு ஓரத்தில் நிற்க, குரல் மட்டும் வேறெங்கோ இருந்து வருகிறதே என்ற எரிச்சல்தான் அவரைத் தூண்டியது என்பார்கள். கையடக்க ரெக்கார்டர்களின் தலையில் இரண்டு சின்ன மைக்குகள் குறுக்காகப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அவருடைய யோசனையின் வழியில் வந்ததுதான். இரண்டு மைக்கையும் ஒரே இடத்தில் வைத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் திருப்பி, இடையே 90 பாகை கோணம் விடுவார்கள். இதற்கு எக்ஸ்-ஒய் முறை என்று பெயர். மைக்குகள் ஒரே இடத்தில் இருப்பதால் நேர வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை, அளவு வித்தியாசம் மட்டும்தான்.

இன்னொரு முறையில் இரண்டு மைக்குகளைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். இது ஏ-பி முறை. இடம் விரிந்து, பரந்து கேட்கும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பாடகரின் குரல் ஒரு மைக்கை அடைய வேண்டிய தூரம் மற்றதைவிட 34 சென்டிமீட்டர் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஆக இரண்டாவது மைக்குக்கு ஒரு மில்லி நொடி தாமதம். ஸ்டீரியோவாகக் கேட்கும்போது தொந்தரவு இல்லை. இரண்டு தடத்தையும் ஒன்றாகக் கூட்டி மோனோவாக்கினால், 500 ஹெர்ட்ஸில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தோடு மோதி ஒலி அமுங்கிப்போகும். 1500, 2500 என்று மேலேயும் அதே கதை. கேட்பதற்குக் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல உள்ளீடற்றுப் போகும்.

யார் மோனோவாக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். ஒரே ஸ்பீக்கர் உள்ள போன் செய்யும். வலை பின்னிக்கொண்டே சின்ன ரேடியோவில் கேட்பவரின் ரேடியோ செய்யும். ஒற்றைக் காதில் இயர்போன் மாட்டிக் கேட்பவருக்கோ ஒரு தடம் மொத்தமாகவே போய்விடும். பாம்பனில் கடலோர மக்களுக்காகவே 90.4 அலைவரிசையில் கடல் ஓசை என்ற சமூக வானொலி இருக்கிறது. அப்படி ஓர் இடத்துக்குக் கொடுக்கப் போகிற பதிவு என்றால், ஒற்றை ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதனாலேயே தொடங்குபவர்களுக்கு ஏ-பி வேண்டாம், எக்ஸ்-ஒய் போதும் என்று சொல்லுவேன்.

மைக்கின் காது எந்தப் பக்கம்

மைக்கைச் சுற்றி எந்தத் திசையில் எவ்வளவு கேட்கும் என்பதுதான் பிக்கப் பேட்டர்ன். பெயர்கள் பல இருந்தாலும் நம் வேலைக்கு நான்கு தெரிந்தால் போதும்.

ஓம்னி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும். சட்டையில் குத்துகிற காலர் மைக்குகள் பெரும்பாலும் இந்த வகைதான். கார்டியாய்டு முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் பாதியாகும், நேர் பின்னால் ஏறக்குறைய கேட்காது. மேடையில் பிடித்துப் பேசுகிற ஹேண்ட் மைக்குகளில் பெரும்பாலானவை இந்த வகையோ, இதைவிடச் சற்றுக் குறுகிய வகையோதான். ஃபிகர் எய்ட் முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும், இரண்டு பக்கவாட்டிலும் செவிடு. ஷாட்கன் என்பது நீளக் குழாய் மைக், முன்னால் இருக்கும் குறுகிய பகுதியை மட்டும் பிடிக்கும்.

படத்தில் பார்க்கும்போது கார்டியாய்டு ஏதோ டார்ச் வெளிச்சம் போல முன்னால் மட்டும் பாய்வதாகத் தோன்றும். உண்மையில் அவ்வளவு கறார் கிடையாது. பக்கவாட்டில் இருந்து வரும் ஒலி 6 டெசிபல்தான் குறையும்; அது தெளிவாகவே காதில் விழும் அளவு. கார்டியாய்டின் உண்மையான பலம் அதன் முதுகில் இருக்கிறது. ஆகவே மைக்கை எதை நோக்கி வைப்பது என்று யோசிக்கிற அளவுக்கு, அதன் முதுகை எதற்குக் காட்டுவது என்றும் யோசிக்க வேண்டும்.

கடற்கரையில் இதற்கு விடை எளிது: முதுகைக் கடலுக்குக் காட்ட வேண்டும். மைக்கின் முகம் பேசுபவரின் வாயைப் பார்க்கிறது என்றால், அதன் முதுகு அவர் எதிரில் இருக்கும் பக்கத்தைப் பார்க்கும். அதாவது பேசுபவர் கடலைப் பார்த்து உட்கார வேண்டும். வீடியோ எடுப்பவர்களுக்கு இது பிடிக்காது. அவர்களுக்குப் பெரியவரின் பின்னால் நீலக் கடல் தெரிய வேண்டும். அப்படி உட்கார வைத்தால் மைக்கின் முகம் கடலையே பார்க்கும், ஷாட்கன் வைத்தால் இன்னும் மோசம். ஷாட்கனுக்குப் பின்னணி, முன்னணி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது நீட்டிய திசையில் ஆள் இருந்தால் ஆள், ஆளுக்குப் பின்னால் அலை இருந்தால் அலையும் சேர்த்துத்தான்.

படமும் வேண்டும், ஒலியும் வேண்டும் என்றால் நடுவழி ஒன்று உண்டு. கரைக்கு இணையாக, கடல் பக்கவாட்டில் தெரியும்படி உட்கார வைக்கலாம். அல்லது ஷாட்கனைத் தலைக்கு மேலே, படச் சட்டத்துக்கு வெளியே பிடித்து, மேலிருந்து மணலைப் பார்க்கும்படி சாய்த்து வாயை நோக்கி வைக்கலாம். மணல் இரைவதில்லை.

பெரியவரின் பேட்டி: தூரமா, வகையா?

இப்போது ஒரு பேட்டியை எடுத்துக்கொள்வோம். தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுத்துப் பழகிய ஒரு பெரியவர், வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டை முன்னெடுத்துப் பாடியவர். பேச வேண்டும், அப்புறம் அவர் ஆட்கள் வலை இழுக்கும்போது பாட்டையும் பதிய வேண்டும். நம்மிடம் எக்ஸ்-ஒய் ரெக்கார்டர் ஒன்று, அதில் செருகுகிற ஓம்னி காலர் மைக் ஒன்று, முடி வைத்த காற்றுறைகள் இரண்டு.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மைக் வாயிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். அலை இரைச்சல் எல்லாப் பக்கமும் பரவிக் கிடப்பதால் அது கூடாது, அப்படியே இருக்கும். ஆக ஒவ்வொரு முறை பாதியாகக் கிட்டே போகும்போதும் குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே 6 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் தள்ளி ஓம்னி மைக் வைத்தால் என்ன கிடைக்குமோ அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். அதே ஒரு மீட்டரில் கார்டியாய்டு வைத்தால், நாலா பக்கமும் பரவிய இரைச்சலில் சுமார் 5 டெசிபல் லாபம். ஓம்னி காலர் மைக்கையே வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில், நெஞ்சில் குத்தினால் லாபம் 14 டெசிபல். எல்லாப் பக்கமும் கேட்கிற சாதாரண மைக், திசை பார்த்துக் கேட்கிற நல்ல மைக்கை 9 டெசிபலில் முந்திவிடுகிறது. மைக் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் நிறையச் செலவு மிச்சமாகும்.

கடற்கரையில் ஓம்னிக்கு இன்னொரு சாதகமும் உண்டு. திசை பார்த்துக் கேட்கும் மைக்குகள் காற்றடிக்கு ரொம்பவே பயப்படும். அவை முன்னால் வரும் அழுத்தத்துக்கும் பின்னால் வரும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் திசை பார்க்கின்றன, காற்று அந்த வித்தியாசத்தைத் தாறுமாறாக உண்டாக்கும். கச்சான் வீசும் மாதங்களில் வெறும் மைக்கோடு தென்கடல் கரையில் நின்றால் 'பட பட' என்ற இடிச் சத்தம்தான் பதிவாகும். ஓம்னி அந்தளவுக்குத் தடுமாறாது. கார்டியாய்டை வாய்க்கு மிக நெருக்கத்தில் பிடித்தால் குரலில் அடித்தொனி ஏறி, கனத்துப்போகும். ஓம்னிக்கு அதுவும் கிடையாது.

காற்றுச் சத்தத்தையும் அலைச் சத்தத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது. அலை என்பது நிஜமாகவே அங்கே இருக்கும் ஒலி. கேட்பவர் அதைப் பொறுத்துக்கொள்வார், சொல்லப்போனால் கொஞ்சம் விரும்பவும் செய்வார். காற்றடி அங்கே இல்லாத ஒலி. மைக்கின் சவ்வைக் காற்று நேராக அறைவதால் மைக்குக்குள்ளேயே பிறப்பது அது. நீங்கள் அங்கே நின்று கேட்டாலும் அந்தச் சத்தம் காதில் விழாது, ஹெட்போனில் மட்டும் விழும். லேசாக இருந்தால் ரெக்கார்டரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும் லோ-கட் பொத்தான் கொஞ்சம் அடக்கும். பலமாக அடித்து ஒலி உடைந்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் அந்தச் சொல்லை மீட்க முடியாது. அந்த இடத்திலேயே முடி உறையைப் போட்டுக்கொள்வதுதான் வழி. காலர் மைக்குடன் வரும் சின்ன பஞ்சு உறை இந்தக் கரைக்குப் போதாது.

சரி, உட்கார வைப்போம். கரையில் ஏற்றிப் போட்ட ஃபைபர் படகு காற்றுக்கு நல்ல மறைப்பு. காற்று வராத பக்கத்தில், படகுக்கு அணைவாக மணலில் உட்காரலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: படகின் வழவழப்பான பக்கத்துக்கு மிக அருகில் முகம் இருந்தால் குரல் அதில் மோதித் திரும்பி வந்து, முன்பு சொன்ன தகர டப்பாக் குணம் ஏறும். ஒரு கை நீளமாவது தள்ளி உட்காருவது நல்லது. வலையோ சாக்கோ கிடந்தால் அதைப் படகின் மேல் போட்டுவிட்டால் இன்னும் மேல்.

"கடலைப் பார்த்து உட்காருங்க தாத்தா" என்று சொன்னால், "வேற எதைப் பார்த்துப்பா உட்காரப் போறேன்" என்பார். கடலைப் பார்த்தால் முகமும் தளர்ந்துவிடும், பேச்சும் இயல்பாக வரும். இது ஒலிப்பதிவுக் கணக்கில் சேராத லாபம்.

காலர் மைக்கை நெஞ்செலும்புக்கு நேராக, வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்த வேண்டும். சட்டை போடாமல் தோளில் துண்டு மட்டும் போட்டிருந்தால் துண்டின் மடிப்பில் குத்தக் கூடாது. அவர் கையை ஆட்டிப் பேசும்போதெல்லாம் துணி உரசும் சத்தம் குரலைவிடப் பெரிதாகப் பதிவாகும். அப்போது காலர் மைக்கை விட்டுவிட்டு ரெக்கார்டரையே எக்ஸ்-ஒய் மைக்கோடு, வாயிலிருந்து 20, 25 சென்டிமீட்டரில், சற்றுக் கீழிருந்து வாயை நோக்கிக் கையில் பிடிப்பது மேல். அமைப்பில் `MONO` என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதில் இருப்பவை கார்டியாய்டுகள் என்பதால் காற்றுறை கட்டாயம்.

ரெக்கார்டரின் பதிவு அளவை, அவர் உரக்கப் பேசும்போது மீட்டர் -12 டெசிபலைத் தொடும்படி வைக்கலாம். இப்படிப் பேசுபவர்கள் நடுவில் திடீரென்று தூரத்தில் போகிறவரைக் கூப்பிடுவார்கள். அதற்கு மேலே இடம் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்பவர் குரலும் வேண்டும் என்றால், சில ரெக்கார்டர்களில் இரண்டு காலர் மைக்குகளை இணைத்து ஒன்றை இடத் தடத்திலும் மற்றதை வலத் தடத்திலும் பதியலாம். பார்ப்பதற்கு ஸ்டீரியோக் கோப்பு போல இருக்கும், ஆனால் அது இரண்டு மோனோக்கள் ஒரே கோப்பில் இருப்பதுதான். வீட்டில் பிரித்து, இருவர் குரலையும் தனித்தனியே சமன் செய்து, இரண்டையும் நடுவில் வைக்க வேண்டும். அப்படியே வெளியிட்டால் இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அதே கோளாறுதான்.

பேட்டி முடிந்ததும் எழுந்துவிடாமல், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் ஸ்டீரியோவில் பதிந்துகொள்ளுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அம்பாப் பாட்டு: இங்கேதான் ஸ்டீரியோ

கரைவலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். தொடக்கத்தில் இரு கூட்டமும் வெகு தூரம் விலகி நிற்கும். வலை வர வர நெருங்கி வந்து, மீன் சேரும் மடி கரையேறும் நேரத்தில் ஏறக்குறைய ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கி, அந்தத் தாளத்தில் இழுப்பு விழும்.

இந்தப் பாட்டில் யார் எங்கே நிற்கிறார் என்பதும் செய்தி. இந்தப் பக்கம் எடுக்கிறார்கள், அந்தப் பக்கம் வாங்குகிறார்கள், வர வர இரண்டும் நெருங்குகின்றன. மோனோவில் பதிந்தால் இதெல்லாம் ஒரே கூச்சலாகக் குவிந்துவிடும். பேட்டியில் பெரியவர் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதால் கேட்பவருக்கு ஒன்றும் கூடப் போவதில்லை. இங்கே இடமும் வலமும் இல்லாவிட்டால் பாட்டின் பாதி போய்விடும்.

மைக்கை எங்கே வைப்பது? பார்வையாளர்களைப் போல மேட்டில் நின்று கடலை நோக்கி வைக்கத்தான் கை போகும். அங்கே இரண்டு தவறு. இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னால் நடந்து இழுக்கிறார்கள். மேட்டில் இருக்கும் மைக்குக்குக் கிடைப்பது அவர்கள் முதுகு. மனிதக் குரலின் கூர்மை, அதாவது 'ச', 'த' போன்ற எழுத்துகளின் தெளிவு, முன்பக்கம்தான் போகிறது. பின்னால் வருவது மொத்தையான முணுமுணுப்பு. கூடவே மைக்கின் முகம் அலையைப் பார்க்கிறது.

ஆகவே நீர் விளிம்பில், இரண்டு கயிறுகளுக்கு நடுவில் நின்று, கரையைப் பார்த்து ரெக்கார்டரைப் பிடிக்க வேண்டும். பாடுபவர்களின் முகம் மைக்கை நோக்கி, மைக்கின் முதுகு கடலை நோக்கி. எக்ஸ்-ஒய்யில் ஒவ்வொரு கார்டியாய்டும் 45 பாகை திரும்பியிருப்பதால் நேர் பின்னால் முழுச் செவிடாக இராது. ஆனாலும் பின்னால் வரும் ஒலி சுமார் 17 டெசிபல் குறையும். காலடியில் அலை உடைந்தாலும் பாட்டு மேலே நிற்கும்.

இங்கே எக்ஸ்-ஒய்யின் ஒரு குறையும் தெரிந்துவிடும். 90 பாகை வைத்த கார்டியாய்டுகள் உண்மையில் மிக அகலமான பரப்பை இரண்டு ஸ்பீக்கருக்குள் அடக்கப் பார்க்கும். தூரத்தில் நின்று பதிந்தால் இரு கூட்டமும் நடுவிலேயே ஒண்டிக்கொண்டு, மோனோ போலவே கேட்கும். இரண்டு கூட்டமும் உங்கள் இடத்தோள், வலத்தோள் பக்கமாக வரும் அளவுக்குக் கிட்டே போனால்தான் விரிவு கிடைக்கும். இரு கூட்டமும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வந்த பிறகு, அருகில் இருப்பவரிடமிருந்து இரண்டு மூன்று மீட்டரில் நிற்பது நல்ல இடம். தொடக்கத்தில், கூட்டங்கள் நூறு மீட்டர் விலகி நிற்கும்போது நடுவில் நின்றால் கடல்தான் கிடைக்கும். அப்போது ஒரு கூட்டத்தோடு மட்டும் நடந்து போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.

இழுபடும் கயிற்றின் அருகில் நிற்பது ஆபத்து, அவர்களுக்கு இடைஞ்சலும்கூட. எங்கே நிற்கலாம் என்று முன்பே கேட்டுக்கொண்டு, சொன்ன இடத்தை விட்டு நகராமல் நிற்க வேண்டும். நகர்ந்தால் ஒலியிலும் எல்லாரும் கூடவே நகருவார்கள். திரும்பவும் கூடாது, தலையைத் திருப்பி வேடிக்கை பார்த்தாலும் கை அப்படியே நிற்க வேண்டும். ஒற்றைக்கால் ஸ்டாண்டு இருந்தால் நிம்மதி. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது எல்லாரும் கத்துவார்கள் என்பதால் அளவைப் பேட்டியைவிடக் குறைத்து, -18 பக்கம் வைத்துத் தொடங்கலாம். தானாக அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பாட்டு நிற்கும் இடைவெளியில் அலை பெருகிப் பெருகி எழும்.

எல்லாப் பாட்டுக்கும் ஸ்டீரியோ வேண்டுமா என்றால், வேண்டாம். அதே பெரியவர் வீட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து அம்பாவை நினைவிலிருந்து பாடிக் காட்டினால், அதற்கு ஒரு மைக், மோனோ போதும். கீழக்கரை வீடுகளில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து தஃப் கொட்டிப் பாடுகிறார்கள் என்றால் வட்டத்தின் நடுவே ஓர் ஓம்னி வைத்தால் யாரும் விடுபட மாட்டார்கள். அதுவே அவர்கள் அரைவட்டமாக அமர்ந்தால், எதிரில் எக்ஸ்-ஒய் நன்றாக வரும். அறைக்குள் காற்று இல்லை, ஆனால் சுவர் எதிரொலி உண்டு. ஷாட்கனை அங்கே எடுக்க வேண்டாம்: சுவரில் பட்டுப் பல திசையில் வரும் ஒலியை அதன் குழாய் சரியாகக் கழிக்காது, குரல் விசித்திரமாகிவிடும். இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து பேச, ஒரே மைக் இருந்தால், ஃபிகர் எய்ட் அந்த வேலைக்கென்றே செய்தது. பக்கவாட்டில் சுற்றும் மின்விசிறி இருந்தால் அதன் செவிட்டுப் பக்கத்தை அங்கே திருப்பிவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

இப்போது அந்த ஒரு நிமிட ஒலி. பேட்டியில் தேவையில்லாத இடங்களை வெட்டும்போது, பின்னால் ஓடும் அலையும் சேர்ந்து வெட்டுப்பட்டுத் தாவும். பெரியவரின் மோனோக் குரலை நடுவில் வைத்து, அடியில் அந்த ஸ்டீரியோக் கடலை மெல்லிதாக ஓட விட்டால் தாவல் மறைந்துவிடும். குரல் அசையாமல் நடுவில், கடல் இரு பக்கமும். கரையில் ஸ்டீரியோவில் பேட்டி எடுத்தவர்கள் கேட்க ஆசைப்பட்டதும் இதைத்தான், கிடைத்த வழி மட்டும் வேறு.

காலர் மைக் சொருகி ஸ்டீரியோவில் பதிந்துவிட்டால், பல ரெக்கார்டர்களில் குரல் இடத் தடத்தில் மட்டும் விழுந்து, வலத் தடம் வெறுமையாக இருக்கும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் `Split Stereo to Mono` கொடுத்து வெறுமையான தடத்தை நீக்கிவிடலாம். நிறையக் கோப்புகள் இருந்தால், கட்டளை தட்டி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் இது வேகம், இடத் தடத்தை மட்டும் எடுத்து மோனோவாக்கும்:

```
ffmpeg -i petti.wav -af "pan=mono|c0=c0" petti_mono.wav
```

இரண்டு தடத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கும் கட்டளையை இங்கே கொடுத்தால் குரல் பாதியாகத் தாழ்ந்துவிடும், வெறுந் தடத்தின் இரைச்சலும் ஒட்டிக்கொள்ளும்.

கரைவலைப் பதிவுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. நாம் மைக்கைக் கரை பார்த்துப் பிடித்தோம். யாராவது மேட்டில் நின்று கடல் பார்த்து வீடியோ எடுத்திருந்தால், படத்தில் இடப்பக்கம் இழுக்கும் கூட்டம் ஒலியில் வலப்பக்கம் கேட்கும். படத்தோடு சேர்க்கும் முன் ஆடாசிட்டியில் `Swap Stereo Channels` கொடுத்து மாற்றிவிட வேண்டும். தனி ஒலியாக வெளியிட்டால் மாற்ற வேண்டியதில்லை.

கடைசியில் போனின் அணுகல்தன்மை அமைப்பில் `Mono audio` என்பதை இயக்கிவிட்டு, பாட்டை ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். எக்ஸ்-ஒய்யில் பதிந்திருந்தால் அகலம் போகுமே தவிர, குரல்கள் அப்படியே இருக்க வேண்டும். அடியெடுப்பவரின் குரல் சட்டென்று மெலிந்தால், எங்கோ இரண்டு மைக்குகள் தள்ளி நின்றிருக்கின்றன, அல்லது ரெக்கார்டரில் ஒலியைச் செயற்கையாக விரிக்கும் வசதி ஏதாவது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியானால் வானொலிக்குக் கொடுக்கும் பிரதிக்கு இரண்டையும் கூட்டாமல், அவர் குரல் தெளிவாக விழுந்த ஒரு தடத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். மேலே உள்ள கட்டளையில் கடைசியாக வரும் `c0`-ஐ `c1` என்று மாற்றினால் வலத் தடம் கிடைக்கும்.